ஒர்க்‌ஷாப் பில்லில் என்ன எழுதியிருக்கிறார்கள்? புதிதாகக் கார் வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐந்து வருடப் பழைய பெட்ரோல் கார் வாங்கி, முதல் தடவை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். எஸ்டிமேட் வந்திருக்கிறது, பாதி வார்த்தை புரியவில்லை. எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

முதலில் வரிகளை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: கழற்றி மாற்றும் பொருள், ஊற்றும் திரவம், கைவேலை. கிளட்ச் செட் பொருள். கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் திரவம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது ஆகியவை கைவேலை, அதாவது லேபர்.

இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வரிக்கும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பொருள் மாற்றினால் பழைய பொருளைக் காட்டச் சொல்லலாம். திரவம் என்றால் எத்தனை லிட்டர் என்று பார்க்கலாம். அலைன்மென்ட் போன்ற அளவெடுக்கும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு அச்சிட்ட தாளில் வரும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல கடையில் கேட்காமலே எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் வண்டியை விடும்போதே "பழைய பார்ட்ஸ் எடுத்து வையுங்க, பார்க்கணும்" என்று சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது பழைய இரும்போடு போயிருக்கும்.

பில்லின் மேலேயே "ஓடோமீட்டர் 58,412" என்று இருக்கிறது. இதற்கும் காசா?

இல்லை. கார் புதிதாக ரோட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடிய மொத்தத் தூரம் அது. ஸ்பீடோமீட்டர் இப்போது போகும் வேகத்தைக் காட்டும், ஓடோமீட்டர் இதுவரை ஓடிய கிலோமீட்டரைக் காட்டும். டிஜிட்டல் டிஸ்ப்ளேயில் `ODO` என்ற எழுத்தோடு வருவது இந்த எண். `TRIP A`, `TRIP B` என்று வருபவை நீங்களே பூஜ்யமாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கணக்கு.

காசில்லாத வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சர்வீஸ் கணக்கு முழுவதும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்கு ஒரு சர்வீஸ். கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் வண்டியோடு வந்த கையேட்டில் கிலோமீட்டரும் மாதமும் போட்டிருக்கும். பில்லில் 58,412 என்பதை 85,412 என்று தவறாக அடித்துவிட்டால், அடுத்த முறை கம்ப்யூட்டரைப் பார்த்து எஸ்டிமேட் போடுபவர் அதற்கேற்ற வேலைகளையெல்லாம் சேர்த்துவிடுவார். வாரன்டி இருக்கும் வண்டியாக இருந்தால் அதிலும் சிக்கல் வரும். ஆகவே வண்டியை விடும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள், திரும்ப எடுக்கும்போது இன்னொன்று. ஓட்டிப் பார்த்ததில் நாலைந்து கிலோமீட்டர் கூடியிருப்பது இயல்பு. நாற்பது கூடியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

மீட்டர் கன்சோலையே மாற்றும் நிலை வந்தால், பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் மாற்றிய தேதியையும் பில்லில் கட்டாயம் எழுதி வாங்குங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

விற்றவர் 28,000 கி.மீ. தான் ஓடியது என்றார். மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும் என்பது உண்மை. அதனால் மீட்டரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரான டயர். 2019 மாடல் கார், மீட்டரில் 28,000, ஆனால் நாலு டயரும் 2022-ல் தயாரானவை என்றால், கம்பெனியில் வந்த முதல் செட் எங்கே போனது? சாதாரணமாக ஒரு செட் 40,000 கி.மீ. பக்கம் தாங்கும். நாலையும் அதற்குள் மாற்றியிருந்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும்.

அடுத்து பெடல் ரப்பர். கிளட்ச், பிரேக் பெடலின் கோடுகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் 28,000 நம்பும்படியாக இல்லை. ஸ்டியரிங் தோலின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் எல்லாம் அதே கதையைச் சொல்லும். எல்லாவற்றையும்விட உறுதியான வழி, அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேட்பது. ஒவ்வொரு முறை வண்டி உள்ளே வந்தபோதும் இருந்த கிலோமீட்டர் அதில் இருக்கும். எண்கள் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று இறங்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங் இரண்டும் ஒன்றுதானே? இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களே?

இரண்டும் வேறு வேறு வேலை. தனித்தனியாகப் போடுவது சரிதான்.

அலைன்மென்ட் என்பது சக்கரம் பார்க்கும் திசையைச் சரிசெய்வது. முன் சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்காமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருந்தால், டயர் உருளும்போதே ரோட்டில் உரசிக்கொண்டு போகும். பேலன்சிங் அப்படியல்ல. ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி மெஷினில் சுழற்றி, எந்தப் பக்கம் எடை குறைவோ அங்கே சின்ன எடைக்கட்டியை ரிம்மில் அடிப்பார்கள் அல்லது ஒட்டுவார்கள். பில்லில் "வெயிட் 145 கிராம்" என்று வருவது இந்தக் கட்டிகளின் மொத்த எடை.

எது தேவை என்பதை ஓட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம். நேரான, சமமான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்றால் அலைன்மென்ட். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கி, வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடுகிறது என்றால் பேலன்சிங். பிரேக் அடிக்கும்போது மட்டும் நடுங்கினால் இரண்டுமே காரணமில்லை, பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் இழுக்கிறது என்றவுடன் அலைன்மென்டுக்கு ஓடாமல், முதலில் காற்றைப் பாருங்கள். ஒரு முன் டயரில் மட்டும் ஐந்தாறு புள்ளி காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிட வேலை.

அலைன்மென்ட் செய்தார்களா என்பதை எப்படி உறுதிசெய்வது? ஒரு தாள் கொடுத்தார்கள், சிவப்பும் பச்சையுமாக எண்கள் இருக்கின்றன.

அந்தத் தாளை நிதானமாகப் பாருங்கள், வேலை நடந்ததற்கான அளவு அதில்தான் இருக்கிறது. டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று அளவுகள் வரும். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு. காஸ்டர், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணமான சாய்வு.

சாதாரண ஹேட்ச்பேக்குகளில் அலைன்மென்ட் என்று கடையில் செய்வது பெரும்பாலும் முன் சக்கரங்களின் டோவைச் சரிசெய்வதுதான். டை ராட் என்ற கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகி, மறுபடி முறுக்குவார்கள். பின் சக்கரங்கள் ஒரே இரும்பு பீமில் இருப்பதால் அங்கே திருகுவதற்கு ஒன்றும் கிடையாது.

ஒரு தாளை வைத்துப் பார்ப்போம். டோவுக்கு உங்கள் மாடலின் அளவு 0°00' முதல் 0°10' வரை என்று மெஷினில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் இடது 0°22', வலது 0°18', இரண்டும் சிவப்பு. வேலைக்குப் பின் இரண்டும் 0°05', பச்சை. இடதும் வலதும் சமமாக இருப்பதால் ஸ்டியரிங்கும் நேராக நிற்கும். இதுதான் நடந்த வேலை. "பின்" பத்தியில் டோ இன்னும் சிவப்பாக இருந்தால் வேலை முடியவில்லை. முன்னும் பின்னும் எண்கள் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருந்து இரண்டும் பச்சை என்றால், சரியாகவே இருந்த வண்டியை அளந்து மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

கேம்பர் மட்டும் ஒரு பக்கம் சிவப்பாகவே நிற்கிறதா? பல கார்களில் அதைச் சரிசெய்யும் ஏற்பாடே கம்பெனி கொடுப்பதில்லை. சில கார்களில், சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட் ஓட்டையில் கொஞ்சம் இடம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே கேம்பர் மாறியிருந்தால் எதுவோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது: பள்ளத்தில் விழுந்து வளைந்த ஸ்ட்ரட், தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். ஹைட்ராலிக் கருவியால் ஸ்ட்ரட்டை இழுத்து வளைத்து எண்ணைப் பச்சையாக்கி, "கேம்பர் கரெக்‌ஷன்" என்று தனி வரி போடும் கடைகள் உண்டு. அந்தக் காசுக்குத் தேய்ந்த பாகம் எது என்று கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள்.

முக்கியமான ஒன்று, வரிசை. சஸ்பென்ஷன் வேலை, டயர் மாற்றம் எல்லாம் முடிந்து, காற்றைச் சரியாக வைத்த பிறகுதான் அலைன்மென்ட். காலையில் அலைன்மென்ட், மதியம் லோயர் ஆர்ம் மாற்றம் என்றால் காலையில் செய்தது வீண்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அலைன்மென்ட் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன?

நம் ரோடுகளுக்கு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். நடுவில் பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, நடைபாதை விளிம்பில் பலமாக இடித்தாலோ உடனே பாருங்கள். செய்யாவிட்டால் டயர்தான் பலி. முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் உறுத்தினால் டோ தவறியிருக்கிறது. உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் கேம்பரையும் சேர்த்துப் பாருங்கள். உள் ஓரம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தி, குனிந்து பார்க்க வேண்டும்.

"கிளட்ச் பிளேட் போய்விட்டது" என்கிறார்கள். வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஓடும், அதுதான் ஏமாற்றும். கிளட்ச் ஒரேயடியாகப் போவது அரிது, மெதுவாக வழுக்க ஆரம்பிக்கும்.

இன்ஜினின் கடைசியில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுழல்கிறது. அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் உராய்வு லைனிங் ஒட்டிய தட்டு ஒன்று நசுங்கிப் பிடித்திருக்கும். அதுதான் கிளட்ச் பிளேட். அதன் நடு ஓட்டைக்குள் கியர்பாக்ஸின் தண்டு நுழைந்திருக்கிறது. நீங்கள் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய்ப் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிடி தளரும், தட்டு விடுபடும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். லைனிங் மெலிந்துபோனால் பிடி போதாமல் தட்டு வழுக்கும்.

அறிகுறியை மேம்பாலம் ஏறும்போது எளிதாகப் பார்க்கலாம். நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தமும் ஆர்.பி.எம். முள்ளும் ஏறும், வேகம் மட்டும் ஏறாது. கூடவே கருகிய வாடை வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, வலது காலால் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து இன்ஜினை 1,500 ஆர்.பி.எம்.மில் வைத்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சைச் சீராக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் சட்டென்று அணைந்துவிடும். காலை முழுதாக எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது, உடனே அணைத்துவிடுங்கள். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கும் லைனிங்கும் கருகும்.

பெடல் கனமாக இருக்கிறது, கியர் விழ மறுக்கிறது என்பவற்றுக்குப் பிளேட்தான் காரணம் என்று உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். கேபிள் வைத்த வண்டியில் கேபிள் காய்ந்திருக்கலாம். ஹைட்ராலிக் என்றால் ஆயில் கசிந்திருக்கலாம். இவை இரண்டும் கியர்பாக்ஸை இறக்காமலே முடியும் வேலை.

பிளேட் போனதற்கு "கிளட்ச் செட்" என்று மூன்று பொருள் போட்டிருக்கிறார்கள். கூடவே ஃப்ளைவீல் லேத் வேலை, ஆயில் சீல், கியர் ஆயில். ஒன்றுக்கு ஆறா?

இந்த விஷயத்தில் பெரும்பாலும் கடைக்காரர் சொல்வதே சரி. செட் என்பது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். இவற்றைத் தொட வேண்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட்களைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கே அரை நாளுக்கு மேல் ஆகும். பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டு, ஆறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பித்தால் அதே லேபரை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். பெடலை மிதித்தால் மட்டும் கேட்கும் கிறீச்சொலி அந்த பேரிங்குடையது.

டிரைவ் ஷாஃப்ட்களைக் கழற்றுவதற்காகக் கியர் ஆயிலை வடிப்பார்கள். ஆகவே புதிதாக ஊற்றித்தான் ஆக வேண்டும். சின்ன கார்களில் அது சுமார் இரண்டு லிட்டர். ஐந்து லிட்டர் என்று இருந்தால் கேளுங்கள்.

ஆயில் சீல் விஷயத்தில்தான் பலர் காசை மிச்சம்பிடிக்கப் பார்த்து அதிகமாக இழக்கிறார்கள். கியர்பாக்ஸ் இறங்கியதும் நீங்களே போய்ப் பாருங்கள், அல்லது போட்டோ கேளுங்கள். பழைய தட்டு வறண்டு, லைனிங் மெலிந்து, அதில் அடித்திருக்கும் ரிவெட் தலைகள் மேற்பரப்போடு மட்டமாக வந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தால் தடவினாலே தெரியும்: புதுத் தட்டில் ஒவ்வொரு ரிவெட்டும் பள்ளத்துக்குள் இருக்கும். மாறாக லைனிங் இன்னும் கனமாக இருந்து, கறுத்து, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் அது தேய்ந்து போகவில்லை. கிராங்கின் பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் தண்டின் சீலோ கசிந்து தட்டை நனைத்திருக்கிறது. சீலை மாற்றாமல் புதுத் தட்டைப் போட்டால் அதுவும் வழுக்கும்.

ஃப்ளைவீல் முகத்தில் விரல் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும், நீலநிறத் திட்டுகள் இருந்தாலும் லேத்தில் மெல்லியதாகச் சீவுவது நியாயம். முகம் சமமாக, பளபளப்பு மட்டும் இருந்தால் உப்புத்தாள் தேய்த்துத் துடைத்தால் போதும். சில டீசல் கார்களில் இருக்கும் இரட்டை ஃப்ளைவீலை லேத்துக்குக் கொடுக்கக் கூடாது, அதைச் சோதித்து அப்படியே வைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

58,000 கிலோமீட்டரில் கிளட்ச் போகலாமா?

போகலாம். ஒரு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கும் கிளட்ச் உண்டு, முப்பதாயிரத்தில் முடிந்ததும் உண்டு. ஓட்டும் கால்தான் காரணம். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் மிகப் பெரிய எதிரி. அப்போது தட்டு முழு நேரமும் உரசிக்கொண்டிருக்கிறது. ஓட்டும்போது இடது காலைப் பெடல்மேல் ஓய்வாக வைத்துக்கொள்வது அடுத்தது. தேய்மானப் பொருள் என்பதால் பொதுவாக வாரன்டியில் வராது.

கூலன்ட் என்பது ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர்தானே? தண்ணீரே ஊற்றக் கூடாதா?

ஊற்றக் கூடாது, குறிப்பாக போர் தண்ணீர். கூலன்ட் என்பது கிளைக்கால் என்ற திரவமும் துருத்தடுப்பு மருந்துகளும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. அதைவிடப் பெரிய லாபம் துருத்தடுப்பு. இன்றைய இன்ஜின் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை அரிக்கும், சுண்ணாம்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

நடுவழியில் அளவு இறங்கி வேறு வழியே இல்லை என்றால், கேன் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். பிறகு கூலன்ட்டை முழுதாக மாற்றிவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது ஒவ்வொரு கம்பெனியும் போடும் சாயம். கையேட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதுதான். இரண்டு வகையைக் கலந்தால் மருந்துகளின் வேலை கெடும், சில சமயம் கூழ்போலத் திரளும். இன்னொன்று: கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்த கூலன்ட் இருக்கும் டப்பாவைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

பில்லில் "கூலன்ட் 4 லிட்டர்" என்று இருக்கிறது. இது சரியான அளவா?

எந்த டப்பா என்பதைப் பொறுத்தது. இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று அப்படியே ஊற்றும் ரெடி மிக்ஸ், இன்னொன்று தண்ணீர் கலக்க வேண்டிய கான்சன்ட்ரேட். உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக வடித்து மாற்றினால் ரெடி மிக்ஸ் 4 லிட்டர் சரி. கான்சன்ட்ரேட் என்றால் 2 லிட்டரும் டிஸ்டில்டு வாட்டர் 2 லிட்டரும்தான் வர வேண்டும். 4 லிட்டர் கான்சன்ட்ரேட் போட்டிருந்தால், ஒன்று ஊற்றாததற்குக் காசு, அல்லது கலக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம், கலக்காத கிளைக்கால் சூட்டைக் கடத்துவதில் மந்தமானது. அதேபோல ரெடி மிக்ஸில் மேலும் தண்ணீர் கலந்தால் மருந்து நீர்த்துப்போகும்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸை மட்டும் கழற்றினால் இன்ஜினுக்குள் இருப்பது முழுதாக வடியாது. அப்போது உள்ளே போகும் அளவும் 4 லிட்டருக்குக் குறைவாகவே இருக்கும். காலி டப்பாக்களைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று மாதமாக மாதம் ஒருமுறை கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. "டாப் அப்" என்று பில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கூலன்ட் மூடிய சுற்றுக்குள் ஓடுவது, தானாகக் குறையக் கூடாது. வருடத்தில் ஒரு சிறு அளவு இறங்கினால் பரவாயில்லை. மாதாமாதம் கூலன்ட் டேங்க்கின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் எங்கோ போகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் டாப் அப் செய்வதில் அர்த்தமில்லை.

பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பும் அளவுமானியும் உள்ள கருவியை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை, அதாவது சுமார் ஒரு பார், ஏற்றிப் பத்து நிமிடம் விடுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. ஹோஸ் முனை, ரேடியேட்டரின் ஓரம், வாட்டர் பம்ப்பின் கீழே என்று ஈரத்தைத் தேடலாம். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ சாயம் படிந்தோ பொருக்கு இருக்கும்.

வெளியே ஈரமே இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால், இன்ஜின் ஹெட்டுக்குக் கீழே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல இருப்பது, இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, கூலன்ட் டேங்க்கில் குமிழிகள் எழுவது எல்லாம் இதன் அறிகுறிகள். கூலன்ட்டின் மேலிருக்கும் காற்றை நீல மருந்து வழியாக இழுக்கும் சோதனை உண்டு. பெட்ரோல் இன்ஜினின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட் இறக்கும் பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி தனியாகப் போடுகிறார்கள். சரியா?

எந்த விலையின் மேல் என்பதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம், சர்வீஸ் வேலைக்கும் 18 சதவீதம். கிளட்ச் செட் டப்பாவில் எம்.ஆர்.பி. 7,080 என்று அச்சிட்டிருந்தால் வரி அதற்குள்ளேயே இருக்கிறது. பில்லில் 6,000, அதன்மேல் வரி 1,080, மொத்தம் 7,080 என்று வர வேண்டும். 7,080-ஐ அடிப்படை விலையாக எழுதி அதன்மேல் மறுபடி 18 சதவீதம் போட்டால் 1,274 ரூபாய் சொச்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். பழைய பொருளோடு புதுப் பொருளின் டப்பாவையும் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

அப்படியென்றால் வண்டியை எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பணம் கட்டும் முன், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, நாலாவது கியரில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகம் உடனே ஏறுகிறதா, பெடலை மிதிக்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். புதுக் கிளட்ச்சில் பிடிக்கும் இடம் மாறியிருக்கும், கால் பழக ஓரிரு நாள் ஆகும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிரடியாக ஓட்ட வேண்டாம், லைனிங் படிய வேண்டும்.

மறுநாள் காலை, இன்ஜினைத் தொடும் முன் போனட்டைத் திறந்து கூலன்ட் டேங்க்கைப் பாருங்கள். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் அதே கூலன்ட்டை மேல் கோடுவரை ஊற்றி, அதற்கடுத்த நாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். மறுபடி இறங்கியிருந்தால் கடைக்குப் போன் செய்துவிட்டு, வண்டியை அங்கேயே திருப்பிக் கொண்டுபோய்ப் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்.